லைவில் போடும் முதல் ஆர்டர்

மாலை ஏழு மணிக்கு மேல் ஃபேஸ்புக்கைத் திறந்தால் ஏதாவது ஒரு சேலைக் கடை லைவில் இருக்கும். கடைக்காரர் சேலையை விரித்து, முந்தானையைக் காட்டி, விலையைச் சொல்லிவிட்டு, "பிடிச்சிருந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்க" என்பார். தமிழ்நாட்டின் சிறு ஜவுளிக் கடைகள் பல இந்த முறையிலேயே வெளியூர் வாடிக்கையாளர்களைப் பிடித்திருக்கின்றன.

கூட்டம் சேரும்வரை இந்த முறை நன்றாகவே ஓடும். சேர்ந்த பிறகுதான் சிக்கல். ஒரே ஒரு சேலைக்கு நான்கு பேர் ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார்கள். யார் முதலில் அனுப்பியது என்று கடைக்காரர் பார்த்து முடிப்பதற்குள் இருவர் பணமே போட்டுவிடுவார்கள். ஒருவர் முகவரியைக் குரல் பதிவாக அனுப்புவார், அதில் பின்கோடு இருக்காது. இன்னொருவர் பணம் செலுத்தியதாக ஒரு படம் அனுப்புவார், வங்கிக் கணக்கில் பணம் வந்திருக்காது. லைவ் முடிந்து நள்ளிரவு வரை நோட்டுப் புத்தகத்தில் எழுதிச் சரிபார்ப்பதிலேயே நேரம் போய்விடும். அலுத்துப்போய்த்தான் பலர் சொந்தமாக ஆன்லைன் கடை திறக்கிறார்கள். திறப்பு நாளன்று லைவிலேயே அதை அறிமுகம் செய்து, ஆர்டர் போடுவது எப்படி என்று காட்டவும் நினைக்கிறார்கள்.

அந்த லைவ் பெரும்பாலும் ஒரே மாதிரி சறுக்குகிறது. புதிய சரக்கு எல்லாவற்றையும் காட்டிவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் "லிங்க் கீழே இருக்கு, உள்ளே போய் ஈஸியா ஆர்டர் பண்ணிக்கலாம்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். பார்த்தவர்கள் மறுநாளும் வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட்தான் அனுப்புகிறார்கள். பழகிய வழியை விட்டுப் புது வழியில் ஒருவரை வரவைக்க லிங்க் போதாது. அவர் எந்தப் படியில் தயங்கி நிற்பார் என்று தெரிந்து, அந்த இடத்தில் கூடவே நின்று கடத்திவிட வேண்டும். ஸ்கிரிப்ட் எழுதுவதே அதற்காகத்தான்.

சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு கடையை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். கடையை நடத்துவது ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. லைவில் பேசுவது அவர். எதிரே உட்கார்ந்து கமெண்டுகளைப் படித்துச் சொல்வது அவருடைய மருமகள். சேலை 850 ரூபாய், டெலிவரிக்கு 70 ரூபாய். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சேலைகள் என்பதால் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது, பெரும்பாலானவை ஒற்றைச் சேலைகள்.

முதல் முடிவு, எங்கே லைவ் போவது என்பது. நினைத்த இடத்தில் எல்லாம் முடியாது. ஃபேஸ்புக்கில் பக்கம் தொடங்கி 60 நாளாவது ஆகியிருக்க வேண்டும், 100 பேராவது பின்தொடர வேண்டும் என்று 2024இல் விதி வந்தது. யூடியூபில் ஃபோன் வழியே லைவ் போக 50 சந்தாதாரர்கள் தேவை. இன்ஸ்டாகிராமில் 2025இல் இருந்து 1000 பேர் பின்தொடர்ந்தால்தான் லைவ் பட்டனே வரும். பழைய லைவ்களால் கூட்டம் சேர்த்த கடைக்கு இது தடையில்லை. கடையின் பெயரில் புதிதாகப் பக்கம் தொடங்கி அதிலேயே திறப்பு விழா வைக்க நினைப்பவர்களுக்கு, அன்று மாலைதான் இது தெரியவரும்.

லைவுக்குள்ளேயே சேலையைத் தொட்டு வாங்கும் வசதியை ஃபேஸ்புக் 2022 அக்டோபர் 1இலும், இன்ஸ்டாகிராம் 2023 மார்ச்சிலும் நிறுத்திவிட்டன. சீனாவில் 2016இல் தொடங்கிய தாவோபாவ் லைவில் பார்ப்பதும் வாங்குவதும் ஒரே திரையில் நடக்கும். நம் ஊரில் பார்ப்பவர் லைவை விட்டு வெளியேறி இன்னொரு பக்கத்துக்குப் போக வேண்டும். வெளியேறியவர் திரும்பி வராமலும் போகலாம். அதனால் ஆர்டர் போடும் முறையை அவர் லைவில் இருக்கும்போதே, போகுமுன்பே, முழுதாகப் பார்த்துவிட வேண்டும். இன்ஸ்டாகிராம் கமெண்டில் போடும் முகவரியைத் தொட்டால் திறக்காது என்பதும் ஸ்கிரிப்டில் எழுதப்பட வேண்டிய விஷயம். அங்கே "எங்க பேரைத் தொடுங்க, மேலே நீல எழுத்துல இருக்கு" என்று சொல்ல வேண்டும். ஃபேஸ்புக்கில் லிங்க் உள்ள கமெண்டைப் பின் செய்து மேலே நிறுத்திவிட்டு, "முதல் கமெண்டைத் தொடுங்க" என்றால் போதும்.

அடுத்தது, செய்துகாட்டும் ஃபோன். இதில்தான் கவனிக்காமல் நடக்கும் மிகப் பெரிய தவறு இருக்கிறது. கடைக்காரர் தன் ஃபோனிலேயே ஆர்டர் போட்டுக் காட்டுவார். அந்த ஃபோனில் அவர் பலமுறை சோதித்துப் பார்த்திருப்பார். பெயர், முகவரி, பின்கோடு எல்லாம் அதில் ஏற்கெனவே பதிந்திருக்கும். மூன்று தட்டலில் ஆர்டர் முடிந்துவிடும். பார்க்கும் பெண்மணி தன் ஃபோனில் திறந்தாலோ ஃபோன் எண் கேட்கும், ஓடிபி கேட்கும், கட்டம் கட்டமாக முகவரி கேட்கும். லைவில் பார்க்காத திரைகள் வந்ததும், தான் எங்கோ தப்பாகத் தொட்டுவிட்டோம் என்று மூடிவிடுவார். ஆகவே செய்துகாட்டுவதற்கு, அந்த இணையக் கடையை ஒருமுறைகூடத் திறந்திராத ஃபோன் வேண்டும். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கலாம். கிடைக்காவிட்டால் பிரவுசரில் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து காட்டலாம்.

அந்த ஃபோனைக் காட்டுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஃபோன் திரையை அப்படியே லைவில் பகிர்வது ஒன்று. மேலிருந்து கீழே பார்க்கும்படி கேமரா ஃபோனை ஸ்டாண்டில் மாட்டி, அதன் கீழே இரண்டாவது ஃபோனைக் கையில் வைத்துக் காட்டுவது இன்னொன்று. திரைப் பகிர்வில் எழுத்து தெளிவாக இருக்கும், ஆனால் விரல் எங்கே தொடுகிறது என்று தெரியாது. புதிதாகக் கற்பவருக்கு விரலும் தெரிய வேண்டும். எனவே இரண்டாவது வழியே மேல். அதற்கு ஃபோனின் எழுத்தளவைப் பெரிதாக்க வேண்டும். திரை தானாக அணைவதையும், வெளிச்சம் தானாக ஏறி இறங்குவதையும் நிறுத்த வேண்டும். டியூப்லைட் திரையில் பளிச்சென்று பிரதிபலிக்காதபடி ஃபோனைச் சற்றுச் சாய்க்க வேண்டும். அறிவிப்புகளை முழுதாக நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு இருப்பைச் சொல்லும் குறுஞ்செய்தி எல்லோர் கண் முன்னும் வந்து நிற்கும்.

இனி ஸ்கிரிப்ட். வரிக்கு வரி எழுதி வைத்துப் படித்தால் குரலில் உயிர் இருக்காது. ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் கை செய்ய வேண்டியதையும் வலப்பக்கம் வாய் சொல்ல வேண்டியதையும் எழுதினால் போதும். முதல் இரண்டு நிமிடத்துக்கு வணக்கமும் வரவேற்பும் வேண்டாம். வந்தவர் நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டும். சின்னாளப்பட்டி கடைக்காரர் இப்படித் தொடங்கலாம்:

"இன்னைக்கு இந்தச் சிவப்புச் சுங்குடியை உங்க முன்னாடியே நான் ஆர்டர் போடப் போறேன். ஃபோனைத் திறக்கறதுல இருந்து பணம் கட்டறது வரைக்கும் எல்லாத்தையும் பாருங்க. இனிமே ஸ்கிரீன்ஷாட் அனுப்பிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். சேலை யாருக்குன்னு கடையே சொல்லிடும்."

பிறகு சேலையைக் காட்டுவது. நிறம் கேமராவில் மாறும் என்பதால் சேலையோரம் ஒரு வெள்ளைத் தாளை வைத்துக் காட்டினால், தாள் மஞ்சளாகத் தெரிகிறதா நீலமாகத் தெரிகிறதா என்று மருமகள் சொல்லிவிடுவார், விளக்கைச் சரிசெய்து கொள்ளலாம். சேலை ஐந்தரை மீட்டரா, பிளவுஸ் சேர்த்தா என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்தப் பகுதி மூன்று சேலைகளோடு நிற்க வேண்டும். முப்பது சேலை காட்ட ஆசை வரும். ஆனால் இன்றைய லைவ் ஆர்டர் போடக் கற்றுத்தருவதற்காக நடப்பது.

ஆர்டர் போடும் பகுதியில் ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும்: தொடுவதற்கு முன் சொல். திரையில் என்ன இருக்கிறது, எந்தப் பட்டன், என்ன நிறம், எந்தப் பக்கம் என்று சொல்லி, விரலை அதன் மேல் நிறுத்தி, பிறகு தொட வேண்டும். லைவ் பார்ப்பவருக்குப் படம் சில வினாடிகள் தாமதமாகத்தான் போய்ச் சேரும். இணைப்பு மெதுவாக இருந்தால் தாமதம் இன்னும் கூடும். தொட்டவுடன் அடுத்த திரைக்கு ஓடினால் "எதைத் தொட்டீங்க?" என்ற கேள்வி வருவதற்குள் இரண்டு திரைகள் கடந்திருக்கும்.

"இப்போ சேலைப் படத்துக்குக் கீழே பாருங்க, பச்சை நிறத்துல ஒரு பட்டன் இருக்கு. 'பையில் சேர்'னு எழுதியிருக்கு. என் விரல் அது மேலதான் இருக்கு. தொடுறேன். மேலே வலது பக்கம் பையில ஒண்ணுன்னு வந்திருச்சு பாருங்க. எல்லாருக்கும் தெரியுதா? தெரிஞ்சா கமெண்ட்ல ஒண்ணுன்னு போடுங்க."

ஒன்று என்று கமெண்டுகள் வரும்வரை அடுத்த படிக்குப் போகாமல் நிற்பது கடினம். அமைதியாக இருக்கும் அந்த நேரத்தை நிரப்பக் கடைக்காரருக்குக் கை பரபரக்கும். அங்கே சொல்வதற்கென்றே ஒரு செய்தியை ஸ்கிரிப்டில் எழுதி வைக்கலாம். இந்தக் கடைக்கு அது, பையில் சேர்த்தால் சேலை நமக்கு ஆகிவிடாது என்பது. பெரும்பாலான இணையக் கடை மென்பொருள்களில் பணம் கட்டி முடித்தவருக்கே பொருள் சேரும், பையில் வைத்திருப்பவருக்கு அல்ல. இதைச் சொல்லாவிட்டால், பையில் போட்டுவிட்டு லைவுக்குத் திரும்பி வந்தவர் அரை மணி நேரம் கழித்துச் சேலை விற்றுவிட்டதைப் பார்த்துக் கடைக்காரரிடம் கோபப்படுவார். ஒற்றைச் சேலை விற்கும் கடையில் ஒவ்வொன்றுக்கும் இருப்பு எண்ணிக்கை 1 என்று லைவுக்கு முன் பதிந்திருக்கிறதா என்று பார்ப்பது மருமகளின் வேலை. அது விடுபட்டால் ஒரே சேலையை மூவருக்கு விற்றதாகிவிடும்.

முகவரித் திரையில் பின்கோட்டில் இருந்து தொடங்குவது நல்லது. ஆறு இலக்க எண்ணைப் போட்டதும் பல இணையக் கடைகளில் ஊரும் மாவட்டமும் தானாக வந்துவிடும். தமிழ்நாட்டுப் பின்கோடுகள் எல்லாம் 6 என்ற எண்ணில் தொடங்கும், வேறு எண் வந்தால் தட்டச்சுத் தவறு. செய்துகாட்டுவதற்குக் கடையின் முகவரியையும், பலகையில் எழுதியிருக்கும் கடை எண்ணையுமே போட வேண்டும். அவசரத்தில் உறவினர் ஒருவரின் வீட்டு முகவரியைத் தட்டினால் அது ஊருக்கே தெரிந்துவிடும்.

இதற்கு அடுத்த திரையில்தான் அதிகம் பேர் திரும்பிப் போவார்கள். 850 ரூபாய் என்று நினைத்து வந்தவருக்கு அங்கே 920 என்று தெரியும். அந்த 70 ரூபாய் பெரிய தொகை அல்ல. முன்பே சொல்லாததுதான் உறுத்தும். மொத்த விலையை, டெலிவரி முதலிய கட்டணங்களைத் தனியாகப் பிரித்து, வாங்குபவருக்குக் காட்ட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளே சொல்கின்றன. வாங்குபவரின் சம்மதத்தை முன்கூட்டியே டிக் செய்து வைத்திருக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. ஸ்கிரிப்டில் இந்தத் தொகை இரண்டு முறை வர வேண்டும்: சேலையைக் காட்டும்போது "சேலை 850, வீட்டுக்கு வர 70, மொத்தம் 920" என்றும், இந்தத் திரையில் விரலை வைத்து அதே மூன்று எண்களும். இரண்டும் ஒன்றாக இருப்பதைப் பார்ப்பவர் தானே சரிபார்த்துக்கொள்வார்.

பணம் கட்டும் திரையில் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, க்யூஆர் கோடு. கடை வாசலில் ஒட்டியிருப்பதைப்போல லைவிலும் பிடித்துக் காட்டுகிறார்கள். பார்ப்பவர் கையில் இருப்பது ஒரே ஒரு ஃபோன். அந்த ஃபோனிலேயே லைவ் ஓடுகிறது, அதை வைத்தே அதன் திரையை ஸ்கேன் செய்ய முடியாது. ஆகவே "ஜிபே, ஃபோன்பே எது வச்சிருக்கீங்களோ அதைத் தொடுங்க, அது தானா திறக்கும்" என்ற வழியைக் காட்ட வேண்டும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே லிங்க் திறந்தால் சில ஃபோன்களில் பணச் செயலி திறக்காது. அப்படி நின்றுபோனால் மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, வெளி பிரவுசரில் திறக்கச் சொல்லித்தர வேண்டும். லைவுக்கு முந்தைய நாள் இதை மூன்று, நான்கு விதமான ஃபோன்களில் செய்து பார்த்துவிடுவது அவசியம்.

இரண்டாவது பொறி, யுபிஐ பின். மேலிருந்து பார்க்கும் கேமராவில் நான்கோ ஆறோ எண்களை அழுத்தும் விரல் அப்படியே தெரியும். திரைப் பகிர்வில் இந்த ஆபத்து குறைவு, பணச் செயலிகள் பொதுவாக அந்தத் திரையைக் கறுப்பாக்கிவிடும். ஆனால் கறுத்த திரையைப் பார்ப்பவர் லைவ் நின்றுவிட்டது என்று நினைப்பார். ஆகவே ஸ்கிரிப்டின் இடப்பக்கத்தில் "ஃபோனைக் கேமராவிலிருந்து எடு" என்று பெரிதாக எழுதியிருக்க வேண்டும். கை ஃபோனை எடுக்கும்போது வாய் சொல்ல வேண்டியது:

"இந்த இடத்துல நான் ஃபோனை எடுத்துடறேன், ரகசிய எண்ணை யாருக்கும் காட்டக் கூடாது, எனக்கும் நீங்க சொல்லக் கூடாது. பணம் அனுப்பத்தான் அந்த எண் வேணும். பணம் வாங்கறதுக்கு எந்த எண்ணும் வேண்டாம். எங்க பேரைச் சொல்லி யாராவது ரீஃபண்ட் தர்றோம், எண்ணைப் போடுங்கன்னா அது நாங்க இல்லை."

இதைச் சொல்வதற்கு ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. கூட்டம் சேரும் லைவ்களில் கடையின் பெயரையும் படத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு ஒரு போலிக் கணக்கு கமெண்டில் வேறு எண்ணைப் போடும். மருமகள் கமெண்டுகளைப் படிப்பதோடு, அப்படி வருவதை நீக்கிக்கொண்டும் இருக்க வேண்டும். அவர் ஃபோனில் கடைப் பக்கத்தின் நிர்வாக அனுமதி இருந்தால்தான் அது முடியும்.

எல்லாம் சரியாக நடந்தால் ஆர்டர் எண் வரும். அந்தத் திரையை அவசரமாக மூடாமல், எண்ணை வாய்விட்டுப் படித்து, அதே எண் குறுஞ்செய்தியாகவோ வாட்ஸ்அப்பிலோ வந்து சேருவதையும் காட்ட வேண்டும். பிறகு கடையின் கணினியில் அதே ஆர்டர் வந்து நிற்பதைக் காட்டினால், பணம் எங்கே போனது என்ற பயம் தீரும்.

நடக்காமலும் போகலாம். லைவில் பணம் கழிந்துவிட்டு ஆர்டர் எண் வராமல் சுற்றிக்கொண்டே இருந்தால், பதற்றத்தில் மீண்டும் பணம் கட்டுவதே பலரும் செய்வது. கடைக்காரரே அப்படிச் செய்துகாட்டிவிடக் கூடாது. கணக்கில் கழிந்து, கடைக்கு உறுதிப்படுத்தல் வராத யுபிஐ பணத்தை, பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் தானாகத் திருப்ப வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்தது. "பணம் எங்கேயும் போகாது, ரெண்டாவது தடவை கட்டாதீங்க, ஆர்டர் எண் வரலைன்னா எங்களுக்கு ஃபோன் பண்ணுங்க" என்ற மூன்று வரியைத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்திருப்பவருக்கு, அந்த விபத்தே நல்ல பாடமாகிவிடும்.

இந்த முழுச் சுற்றுக்கும் பன்னிரண்டு நிமிடம் போல ஆகும். லைவுக்கு ஆட்கள் எப்போது வேண்டுமானாலும் வருவார்கள். பாதியில் வந்தவருக்குப் பின்கோடு திரை மட்டும் புரிந்து பயனில்லை. அதனால் ஒரு மணி நேர லைவில் வேறு வேறு சேலைகளை வைத்து இதே சுற்று மூன்று முறை வர வேண்டும். இரண்டாவது சுற்றில் பார்ப்பவர் ஒருவரே ஆர்டர் போட, அவர் சொல்லச் சொல்லக் கடைக்காரர் தன் ஃபோனில் அந்தந்தத் திரையைக் காட்டினால் இன்னும் நல்லது.

சுற்றுகளுக்கு நடுவே கேள்விகள். "அத்தை, பெங்களூருக்கு அனுப்புவீங்களான்னு கேக்குறாங்க" என்று மருமகள் படிப்பார். "கண்டிப்பா அனுப்புவோம்" என்று வாய் முந்திக்கொள்ளும். வெளிமாநிலத்துக்கு வரிக்கு உட்பட்ட பொருளை விற்கும் கடை, விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும், பொதுவாக ஜிஎஸ்டி பதிவு எடுத்தாக வேண்டும். குறிப்பிட்ட சில கைவினைப் பொருட்களுக்கு நிபந்தனையோடு விலக்கு உண்டு. தன் சேலை அந்தப் பட்டியலில் வருகிறதா என்று ஆடிட்டரிடம் கேட்டு, பதிலை லைவுக்கு முன்பே ஸ்கிரிப்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அதேபோல மாற்றித் தருவீர்களா, கேஷ் ஆன் டெலிவரி உண்டா என்பவற்றுக்கும் ஒரே பதில்தான் இருக்க வேண்டும். லைவில் ஆசையாகச் சொன்ன பதிலும் இணையக் கடையில் எழுதியிருக்கும் நிபந்தனையும் முரண்பட்டால், வாடிக்கையாளர் லைவ் வீடியோவைத்தான் ஆதாரமாகக் காட்டுவார்.

லைவ் எப்படிப் போனது என்பதை, பார்த்தவர் எண்ணிக்கையோ இதயக் குறிகளோ சொல்லாது. இணையக் கடையின் நிர்வாகப் பக்கத்தில், பாதியில் விட்டுப்போன ஆர்டர்கள் என்று ஒரு பட்டியல் பெரும்பாலும் இருக்கும். முகவரி போட்டபின் நிறைய பேர் நின்றிருந்தால் டெலிவரித் தொகை சரியாகச் சொல்லப்படவில்லை. பணம் கட்டும் இடத்தில் நின்றிருந்தால் செயலி திறக்காத சிக்கலாக இருக்கலாம். பையில் போட்டதோடு நின்றவர்கள் அதிகமென்றால் அடுத்து என்ன பட்டன் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. கமெண்டுகளில் ஒரே கேள்வி ஐந்தாறு முறை வந்திருந்தால், அதற்கான பதில் ஸ்கிரிப்டில் மிகவும் தாமதமாக வந்திருக்கிறது, அடுத்த லைவில் அதை முன்னே நகர்த்த வேண்டும்.

மறுநாள் காலையில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஃபேஸ்புக் 2025 பிப்ரவரியில் இருந்து லைவ் வீடியோக்களை 30 நாள் மட்டுமே வைத்திருக்கிறது, பிறகு அழித்துவிடுகிறது. அதற்குள் வீடியோவைப் பதிவிறக்கி, மூன்று சுற்றுகளில் எது தெளிவாக வந்ததோ அதை மட்டும் வெட்டி, காத்திருந்த இடங்களை நீக்கி, இரண்டு நிமிட வீடியோவாக்கலாம். இனி வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் வரும்போதெல்லாம் மருமகள் பதிலாக அனுப்ப வேண்டியது அந்த வீடியோவும், ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கும் அதே சேலையின் பக்கத்தை நேராகத் திறக்கும் லிங்கும்தான்.